முப்பது நாள் பேக்கப், ஒரே ஒரு பிரதி

ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கம்ப்யூட்டர், அதோடு 250 ஜி.பி. பேக்கப் டிஸ்க் ஒன்று. டிஸ்க்கைத் திறந்தால் மார்ச் 1 முதல் மார்ச் 30 வரை தேதி போட்ட முப்பது ஃபோல்டர்கள். எந்தத் தேதிக்குள் போனாலும் அன்றைக்கு ஸ்டூடியோவில் இருந்த படங்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. முதல் நாள் ஃபோல்டர் 120 ஜி.பி. தினமும் ஒரு ஜி.பி. புதுப் படங்கள் சேர, முப்பதாம் நாள் ஃபோல்டர் 149 ஜி.பி. முப்பதையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் 4,035 ஜி.பி. வருகிறது. அது எப்படி 250 ஜி.பி. டிஸ்க்குக்குள் அடங்கும்? அடங்கியதோடு மட்டுமல்ல, இன்னும் இடமும் மிச்சம் இருக்கிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு ஃபைலின் பெயரும் அதன் உள்ளடக்கமும் ஒன்றாகக் கிடப்பதில்லை. உள்ளடக்கத்துக்கு டிஸ்க்கில் ஒரு எண் உண்டு. அதை ஐநோட் எண் என்பார்கள். ஃபோல்டர் என்பது "இந்தப் பெயர், இந்த எண்" என்ற பட்டியல், அவ்வளவுதான். ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் வைக்கலாம், இருநூறு பெயரும் வைக்கலாம். அப்படி வைக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு ஹார்ட் லிங்க். இதில் அசல், நகல் என்ற பேதம் கிடையாது. எந்தப் பெயரை அழித்தாலும் மற்றப் பெயர்கள் அப்படியே இருக்கும். கடைசிப் பெயரும் போன பிறகுதான் உள்ளடக்கம் இருந்த இடம் காலியாகும். ஒரே நிபந்தனை, எல்லாப் பெயர்களும் அந்த ஒரே டிஸ்க் பகுதிக்குள் இருக்க வேண்டும்.

ஸ்டூடியோவின் பேக்கப் ஒவ்வொரு இரவும் இந்தக் கட்டளையால் நடக்கிறது:

```
rsync -a --link-dest=/backup/2025-03-01 /home/studio/ /backup/2025-03-02/
```

`rsync` 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் வெளியிட்ட நிரல். இன்று பாதி உலகத்தின் பேக்கப் அதன் மேல்தான் ஓடுகிறது என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்பவும் இல்லை. இங்கே `--link-dest` என்ற பகுதி சொல்வது இதுதான்: நேற்றைய ஃபோல்டரைப் பார், மாறாத ஃபைல் இருந்தால் திரும்ப எழுதாதே, நேற்றைய உள்ளடக்கத்துக்கே இன்றைய ஃபோல்டரில் இன்னொரு பெயர் வை, மாறியதையும் புதியதையும் மட்டும் எழுது. ஆகவே முதல் நாள் 120 ஜி.பி., பிறகு 29 நாளைக்கு 29 ஜி.பி. மொத்தம் 149. மிச்சமெல்லாம் பெயர்கள்.

நம் டிஸ்க்கும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ள, பழைய படம் ஒன்றை இரண்டு தேதிகளில் கேட்டுப் பார்க்கலாம்:

```
$ cd /backup
$ ls -li 2025-03-0[12]/works/IMG_0412.JPG
1835021 -rw-r--r-- 30 studio studio 8412345 Feb 11 10:22 2025-03-01/works/IMG_0412.JPG
1835021 -rw-r--r-- 30 studio studio 8412345 Feb 11 10:22 2025-03-02/works/IMG_0412.JPG
```

முதலில் இருப்பது ஐநோட் எண். இரண்டு வரியிலும் ஒரே எண் என்பதால் இரண்டும் ஒரே ஃபைல். நடுவில் இருக்கும் 30, அந்த உள்ளடக்கத்துக்கு மொத்தம் எத்தனை பெயர்கள் என்பதைச் சொல்கிறது. `du -sh /backup/*` என்று கேட்டாலும் விஷயம் வெளிப்படும். முதல் ஃபோல்டருக்கு 120 ஜி.பி. அளவில் காட்டிவிட்டு, அடுத்தடுத்த நாள்களுக்கு ஒரு ஜி.பி. அளவில்தான் காட்டும். ஒருமுறை எண்ணிய உள்ளடக்கத்தை அதே ஓட்டத்தில் `du` மறுபடி எண்ணாது.

இதுவரை எல்லாம் நன்றாகவே போகிறது. டிஸ்க் பழசாகிவிட்டது என்று 500 ஜி.பி. டிஸ்க் வாங்கி வரும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது. உள்ளே இருப்பது 149 ஜி.பி., புது டிஸ்க்கோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். `rsync -a /backup/ /newdisk/` என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். காலையில் பார்த்தால் `No space left on device`. மார்ச் 1-க்கு 120, பிறகு 121, 122, 123. நான்கு நாளிலேயே 486 ஜி.பி. ஆகிவிட்டது. ஐந்தாம் தேதி ஃபோல்டர் ஆரம்பத்திலேயே நின்றுபோயிருக்கிறது.

காரணம், `-a` என்பதற்குள் ஹார்ட் லிங்க் அடங்காது. ஆங்கிலத்தில் 'ஆர்க்கைவ்' என்று பெயர் வைத்திருப்பதால் எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றும் என்று நினைக்கிறோம். உரிமையாளர், அனுமதி, நேரம், சிம்பாலிக் லிங்க் எல்லாம் அதில் உண்டு. ஹார்ட் லிங்க்குக்கு `-H` என்று தனியாகக் கேட்க வேண்டும். எந்தப் பெயர் எந்தப் பெயரோடு சேர்ந்தது என்று கண்டுபிடிக்க, பல பெயர் கொண்ட ஃபைல்களின் ஐநோட் எண்களை எல்லாம் நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான ஃபைல் என்றால் அதற்கு மெமரியும் நேரமும் செலவாகும். அதனால்தான் கேட்டால் மட்டும் செய்கிறது. நியாயமான காரணம்தான், ஆனாலும் இந்தப் பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது.

`rsync -aH /backup/ /newdisk/` என்று கொடுத்திருந்தால் 149 ஜி.பி.யில் வேலை முடிந்திருக்கும். லினக்ஸின் `cp -a` கேட்காமலே ஹார்ட் லிங்க்கைக் காக்கும், `cp -r` காக்காது. ஒரே எழுத்துதான் வித்தியாசம். மவுஸால் இழுத்துப் போட்டு காப்பி செய்தால் லிங்க்குகள் தனித்தனி ஃபைல்களாகப் பிரிந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, `-H` போட்டாலும் அந்த ஒரு ஓட்டத்துக்குள் வந்த பெயர்களைத்தான் சேர்த்துவைக்க முடியும். இன்று பத்து ஃபோல்டர், நாளை பத்து ஃபோல்டர் என்று தவணை முறையில் காப்பி செய்தால் ஒவ்வொரு தவணைக்கும் 120 ஜி.பி.க்கு மேல் புதிதாகப் பிடிக்கும்.

புது டிஸ்க் எந்த வடிவத்தில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்பதும் முக்கியம். கடையில் வாங்கும் வெளி டிஸ்க்குகளிலும் பென் டிரைவ்களிலும் பல எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வருகின்றன. அதில் ஹார்ட் லிங்க்கும் கிடையாது, சிம்பாலிக் லிங்க்கும் கிடையாது. அதன் மேல் எந்த எழுத்தைச் சேர்த்தாலும் பயனில்லை. லினக்ஸ் பேக்கப்புக்கு எடுத்துவைக்கும் டிஸ்க்கை முதலில் `ext4` ஆக மாற்றிக்கொள்வதுதான் வழி.

இடப் பிரச்சினையாவது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்தது தெரியாது. மார்ச் 1-ஆம் தேதி ஃபோல்டருக்குள் போய் ஒருவர் அந்த `IMG_0412.JPG` படத்தைத் திறந்து, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, அங்கேயே சேமிக்கிறார். சில எடிட்டர்கள் புதிதாக ஒரு ஃபைல் எழுதிப் பழைய பெயரை அதற்கு மாற்றிவைக்கும். அப்படியானால் மார்ச் 1-இன் படம் மட்டும் மாறும். சில எடிட்டர்கள் இருக்கும் உள்ளடக்கத்தின் மேலேயே எழுதும். அப்போது முப்பது நாளின் படமும் ஒரே நொடியில் மாறிவிடும், ஏனென்றால் முப்பது படங்கள் அங்கே இருந்ததே இல்லை. எந்த எடிட்டர் எந்த ரகம் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சேமிப்பதற்கு முன்னும் பின்னும் `ls -i` போட்டு எண் மாறியதா என்று பார்த்தால்தான் தெரியும். எண் மாறாமல் இருந்தால், எழுதியது எல்லாப் பெயருக்கும் போயிருக்கிறது என்று பொருள்.

அனுமதிகளும் அப்படித்தான். அவை பெயரோடு இல்லை, உள்ளடக்கத்தோடு இருக்கின்றன. ஒரு தேதிக்குள் `chmod -R` ஓட்டினால், மற்றத் தேதிகளில் இருக்கும் அதே ஃபைல்களின் அனுமதியும் சேர்ந்தே மாறும். அன்றிரவு பேக்கப் ஓடும்போது இன்னொரு விளைவும் உண்டு. ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் அனுமதியும் பேக்கப்பில் இருப்பதும் பொருந்தாததால், "இது அதே ஃபைல் இல்லை" என்று `rsync` முடிவுகட்டி முழுவதையும் புதிதாக எழுதும். ஒரே இரவில் டிஸ்க்கில் இடம் காணாமல் போனதற்குக் காரணம் தேடி அலைவார்கள்.

டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போனாலும் இதே கதை. அந்தப் படம் முப்பது தேதியிலும் கெட்டிருக்கும். தேதி ஃபோல்டர்கள் "தவறுதலாக அழித்துவிட்டேன்" என்பவரைக் காப்பாற்றும். டிஸ்க் கெட்டுப்போனவரைக் காப்பாற்றாது. அதற்கு இன்னொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி வேண்டும்.

டேப் காலத்திலிருந்து இருக்கும் `tar` வேறு விதமாக நடந்துகொள்கிறது. ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் சந்திக்கும் பெயரோடு உள்ளடக்கத்தை வைக்கும்; இரண்டாவது பெயருக்கு "அதோ, அந்தப் பெயரில் இருக்கிறது" என்று மட்டும் குறித்துக்கொள்ளும். முழுவதையும் பிரித்தால் சரியாக வரும். அவசரத்துக்கு அந்த இரண்டாவது ஃபைலை மட்டும் எடுக்கப் பார்த்தால் `Cannot hard link to` என்று தொடங்கும் பிழை வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பிழைச் செய்தியிலேயே முதல் பெயர் இருக்கும். அதையும் சேர்த்துக் கேட்டால் கிடைத்துவிடும்.

இனி சிம்பாலிக் லிங்க். இது 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸோடு வந்தது. ஹார்ட் லிங்க் போல இது இன்னொரு பெயர் அல்ல. "இன்னார் இன்ன தெருவுக்குக் குடிபோய்விட்டார்" என்று பழைய வீட்டுக் கதவில் ஒட்டிய சீட்டு. அந்தத் தெருவில் அப்படியொரு வீடு இருக்கிறதா, இல்லையா என்பது சீட்டுக்குத் தெரியாது. வேறு டிஸ்க்கையும் காட்டலாம், ஃபோல்டரையும் காட்டலாம், இல்லாத இடத்தையும் காட்டலாம்.

நம் ஸ்டூடியோவில் ஜனவரி மாதம் முதல் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய ஆண்டுகளின் ஆல்பங்களை எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் `/data/old` என்ற இடத்துக்கு நகர்த்தினார்கள். வேலை செய்பவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் வைத்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. `old` ஃபோல்டரைத் திறந்தால் படங்கள் வந்தன. ஆனால் பேக்கப்பில் இருந்தது இதுதான்:

```
$ ls -l /backup/2025-03-30/
lrwxrwxrwx 30 studio studio    9 Jan 12 18:40 old -> /data/old
drwxr-xr-x  9 studio studio 4096 Mar 29 21:15 works
```

வரியின் முதல் எழுத்து `l`. அளவு 9 பைட், அதாவது `/data/old` என்பதில் எத்தனை எழுத்தோ அத்தனை. பல ஆண்டு ஆல்பங்களுக்குப் பதிலாக ஒன்பது எழுத்துகள். பேக்கப் நிரலைக் குறை சொல்ல முடியாது. சீட்டைச் சீட்டாகவே பாதுகாத்து வைத்தது. `-a` அதைத்தான் செய்யும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை.

பேக்கப்பைச் சரிபார்த்துப் பார்க்கும் பொறுப்பான ஆள் ஒருவர் இருந்தாலும் இதில் ஏமாந்துபோவார். அவர் என்ன செய்வார்? அதே கம்ப்யூட்டரில் பேக்கப் டிஸ்க்கைத் திறந்து, மார்ச் 30-க்குள் போய், `old` ஃபோல்டரைத் திறப்பார். படங்கள் எல்லாம் வரும், பெரிதாக்கியும் பார்க்கலாம். அவர் பார்த்துக்கொண்டிருப்பது பேக்கப்பை அல்ல. சீட்டு காட்டிய வழியில் போய், அந்தக் கம்ப்யூட்டரின் இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும் அசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டாவது டிஸ்க் செத்துப்போகும் நாளில்தான் `No such file or directory` வரும்.

"அப்படியானால் லிங்க்கைப் பின்தொடர்ந்து போய் உள்ளே இருப்பதை எடு என்று சொல்லிவிடலாமே" என்று தோன்றும். அதற்கும் `-L` என்ற எழுத்து உண்டு. ஆனால் அது சேதத்தைப் பேக்கப் நாளிலிருந்து ரெஸ்டோர் நாளுக்குத் தள்ளிவைக்கிறது. `-L` போட்டு எடுத்த பேக்கப்பில் `old` ஒரு நிஜ ஃபோல்டர். அதைத் திரும்ப வைக்கும்போது `/home/studio/old` என்ற நிஜ ஃபோல்டராகத்தான் வரும். எந்த டிஸ்க் நிரம்பியதால் ஆல்பங்களை நகர்த்தினார்களோ, அதே டிஸ்க் மறுபடி நிரம்பும். அங்கே ஏற்கெனவே லிங்க் இருந்தாலும், சாதாரணமாக `rsync` அதை எடுத்துவிட்டு நிஜ ஃபோல்டரை வைத்துவிடும். `-K` என்று சொன்னால்தான் லிங்க்கை மதித்து அதன் வழியே இரண்டாவது டிஸ்க்குக்குள் எழுதும். என் கணிப்பில் இந்த இரண்டையும்விட எளிய வழி, லிங்க்கை லிங்க்காகவே விட்டுவிட்டு, `/data/old` ஃபோல்டரைத் தனியாக இன்னொரு வரியில் பேக்கப் எடுப்பதுதான்.

லிங்க் நிஜ ஃபைலாக மாறிவிடுவதால் வரும் கேடு உடனே தெரியாமல் போவதும் உண்டு. சொந்தமாக வெப்சைட் நடத்துபவர்கள் பலர் லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழை `certbot` மூலம் பெறுகிறார்கள். `/etc/letsencrypt/live/` என்ற இடத்தில், தளத்தின் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் நான்கு சிம்பாலிக் லிங்க்குகள் இருக்கும். உதாரணமாக `cert.pem` என்பது `../../archive/` வழியாக `cert1.pem` என்ற நிஜ ஃபைலைக் காட்டும். புதுச் சான்றிதழ் வரும்போது நிஜ ஃபைல் `cert2.pem` என்று பக்கத்தில் சேரும், லிங்க் அதன் பக்கம் திரும்பும்.

சர்வர் மாற்றும்போது இந்த ஃபோல்டரை `zip` போட்டு எடுத்துப் போகிறார் ஒருவர். சாதாரணமாக `zip` லிங்க்கைப் பின்தொடர்ந்து உள்ளடக்கத்தை எடுத்துவைக்கும். `-y` கொடுத்தால்தான் லிங்க்கை லிங்க்காக வைக்கும். புது சர்வரில் பிரித்ததும் நான்கும் நிஜ ஃபைல்கள். தளம் ஓடுகிறது, பூட்டுக் குறி வருகிறது, எல்லோருக்கும் திருப்தி. வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். முடிய 30 நாள் இருக்கும்போது `certbot` அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை ஓடும்போதும் `expected cert.pem to be a symlink` என்ற பொருளில் ஒரு செய்தியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிடும். அந்தப் பதிவேட்டை யார் படிக்கிறார்கள்? இன்னும் ஒரு மாதம் கழித்து, தளத்துக்கு வருகிறவர்களின் திரையில் எச்சரிக்கை வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் சர்வர் மாற்றியதையே மறந்திருப்பார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. லிங்க்குகளைச் சரியாகக் காத்து, ஆனால் `live` ஃபோல்டரை மட்டும் எடுத்துப் போனால் நான்கு வெறும் சீட்டுகள்தான் போய்ச் சேரும். சாவியும் சான்றிதழும் `archive` ஃபோல்டரில் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். `/etc/letsencrypt` முழுவதையும் `tar` அல்லது `rsync -a` கொண்டு எடுத்துப் போனால் இரண்டு தொல்லையும் இல்லை.

இந்த `../../` என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்டூடியோவின் `/data/old` டிஸ்க்கின் உச்சியிலிருந்து சொல்லும் முழு முகவரி. புதுக் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க் `/media/studio/disk2` என்று சேர்ந்தால், படங்களைப் பத்திரமாகத் திரும்ப வைத்தாலும் லிங்க் ஓட்டைதான். `../../archive/` என்பதோ லிங்க் இருக்கும் இடத்திலிருந்து சொல்லும் வழி. இரண்டு ஃபோல்டரும் சேர்ந்தே போனால் எந்தக் கம்ப்யூட்டரில் எங்கே வைத்தாலும் வேலை செய்யும். ஒரே ஃபோல்டர் மரத்துக்குள் லிங்க் வைப்பதானால் இந்த இரண்டாவது ரகத்தையே வையுங்கள். `ln -sr` என்று கொடுத்தால் வழியை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-இல் வந்த டைம் மெஷினும் இதே ஹார்ட் லிங்க் உத்தியில்தான் நாள்வாரியாக அடுக்கியது. ஃபைலுக்கு மட்டுமல்ல, ஃபோல்டருக்கே ஹார்ட் லிங்க் வைக்கும் அளவுக்கு அது போனது. பின்னால் வந்த ஏ.பி.எஃப்.எஸ். வடிவத்தில் அந்த வசதி இல்லை. 2020-இன் பிக் சர் பதிப்பிலிருந்து புது டிஸ்க்குகளில் டைம் மெஷின் வேறு முறைக்கு மாறிவிட்டது. பழைய டிஸ்க் கையில் இருந்தால் அதைச் சாதாரண ஃபோல்டராக நினைத்துக் காப்பி செய்யாதீர்கள்.

பேக்கப் டிஸ்க்கை அசல் கம்ப்யூட்டரில் வைத்துச் சோதிக்க வேண்டாம். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கடைசித் தேதியை ஒரு காலி ஃபோல்டரில் `rsync -aH` கொண்டு திரும்ப வையுங்கள். பிறகு அந்த ஃபோல்டருக்குள் நின்று இதைக் கொடுங்கள்:

```
find . -xtype l
```

எங்கும் போய்ச் சேராத லிங்க்குகளை மட்டும் இது பட்டியலிடும். ஸ்டூடியோவின் பேக்கப்பில் கொடுத்திருந்தால் `./old` என்று ஒரே ஒரு வரி வந்திருக்கும். உங்கள் பட்டியலில் வரும் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அது காட்டும் இடம் தனியாக எங்காவது பேக்கப் ஆகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் அந்த ஃபைல்கள் உங்கள் பேக்கப்பில் எந்தத் தேதியிலும் இல்லை.